கோவை லோடில் கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: பழைய ஆறு சக்கர லாரி பேசி வைத்திருக்கிறேன். சென்னை–கோவை வாடகை 28,000. டீசல், டோல் 2,500, டிரைவர் பேட்டா 2,000, ஏற்றுக்கூலி 1,500 போக 12,800 நிற்கும் என்கிறார் விற்பவர். லோடோடு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்குமாம். நம்பலாமா?
— மாதவரம் வாசகர்

பதில்: கூட்டல் சரி, ஆனால் கணக்கு கோவையோடு நின்றுவிட்டது. 500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 9,200. அது போவதற்கு மட்டும். ரிட்டன் லோடு அமையாவிட்டால் வண்டி காலியாகத்தானே வர வேண்டும்? காலி வண்டி ஆறேகால் கொடுத்தாலும் 80 லிட்டர், 7,360 ரூபாய். டோல் மறுபடி 2,500. 24 மணி நேரத்துக்குள் அதே டோலைத் திரும்பக் கடந்தால் போக வர ஒன்றரை மடங்கோடு முடியும். சரக்கு இறங்க ஒரு நாள் காத்திருந்தால் அதுவும் போச்சு. பேட்டா போக வர சேர்த்துத்தான் என்றாலும் மிச்சம் 2,940. இதில்தான் டயர், இன்சூரன்ஸ், தவணை எல்லாம்.

அந்த 5 கிலோமீட்டரை யார் அளந்தார்கள்? இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. நானும் ஒரு பழைய லோடு வண்டியை விற்றவர் சொன்ன மைலேஜை நம்பி வாங்கினேன். அவர் ஓட்டிக் காட்டியது காலி வண்டி, சமதளச் சாலை. லோடு ஏற்றிய முதல் வாரமே டீசல் பில் உண்மையைச் சொல்லிவிட்டது. உங்கள் வண்டி லோடில் 4 தான் கொடுக்கிறது என்றால் 25 லிட்டர் கூடுதல், 2,300 ரூபாய். அந்த 2,940 வெறும் 640 ஆகிவிடும்.

டேங்க் கழுத்து வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு லோடோடு 200 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். மீட்டர் ஓடாத வண்டி என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: இறக்கிய இடத்தில் 1,200 ரூபாய் கூலியை என் டிரைவரிடமே வாங்கிவிட்டார்கள். புக்கிங் ஆபீஸ் பேலன்ஸோடு தர மறுக்கிறது.
— செங்குன்றம் வாசகர்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, விடாதீர்கள். வாடகை பேசியபோது இறக்குக்கூலி யார் பொறுப்பு என்று வந்த மெசேஜ் இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். சரக்கு எடுத்தவரிடம் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். இனிமேல் அந்த ஒரு வரி எல்.ஆரிலேயே ஏறாமல் வண்டியை எடுக்க விடாதீர்கள்.

கேள்வி: பேட்டாவைக் குறைத்தால் லாபம் கூடுமா?
— மணலி வாசகர்

பதில்: கூடாது. இராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டுகிறவரின் சாப்பாட்டுக் காசு அது.

கேள்வி: புரோக்கர் 6 கிலோமீட்டர் கொடுக்கும் என்றார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வண்டியை இன்னும் பார்க்கவில்லை.
— எண்ணூர் வாசகர்

பதில்: பார்க்காத வண்டிக்குப் பணமா? இன்றே போய், லோடோடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் மீதி என்று எழுதி வாங்குங்கள்.