கறுத்த தோலுக்கு வலி குறைவா?

"வேலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணுக்கால் உடைந்து வந்த குடியாத்தம் அம்மா வலி பத்துக்கு எட்டு என்றார். 'கறுத்த தோல் தடிமன், தாங்குவாங்க, நாலுன்னு எழுது' என்கிறார் சீனியர் அக்கா. எழுதலாமா?"

எழுதாதீர்கள் தங்கச்சி. அந்த அம்மா சொன்ன எட்டையே, கேட்ட நேரத்தோடு எழுதுங்கள். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டு அதையும் எழுதுங்கள்.

நிறம் தருவது மேல்தோலில் உள்ள மெலனின். அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கறுத்தவர்களுக்கு நிறமித் துகள்கள் பெரிதாக, அதிகமாக இருக்கும், அவ்வளவே. அது வலி நரம்பை மரத்துப்போகச் செய்வதில்லை. அதோடு எலும்பு முறிந்த வலி எலும்பின் மேலுறையில் இருந்து வருகிறது, தோலுக்கு அங்கே என்ன வேலை?

அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது, இது வார்டில் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வாய்வழியாக வருவது, எனக்கும் பயிற்சிக் காலத்தில் ஒருவர் இப்படித்தான் சொன்னார். அமெரிக்காவில் அடிமைமுறைக் காலத்திலேயே மருத்துவர்கள் கறுப்பினத்தவருக்கு வலி உறைக்காது என்று எழுதி வைத்தார்கள். 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர், 'கறுப்பினத்தவர் தோல் தடிமன்' போன்ற தவறான கூற்றுகளில் ஒன்றையாவது நம்பினார்கள். சிறுநீரகக் கல், கால் எலும்பு முறிவு என்று ஒரே மாதிரி நோயாளிகளைக் காட்டியபோது, நம்பியவர்கள்தான் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டு, சிகிச்சையையும் தவறாகச் சொன்னார்கள். ஆய்வகச் சோதனைகளிலோ, சராசரியாகக் கறுப்பினத்தவர்தான் வெள்ளையரைவிட வலியை அதிகமாக உணர்வதாகச் சொல்கிறார்கள்.

அக்கா விடாப்பிடியாக நின்றால், "நோயாளி சொன்ன எண்ணைத்தானே அக்கா எழுதணும்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியும் மாற்றச் சொன்னால் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு அந்த அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள்.