ஸ்கிரீன்ஷாட்டில் வந்த வேலை விளம்பரத்துக்குக் கவர் லெட்டர்: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. டேலி பிரைம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஜாப் ஒர்க் பில் செக்கிங், எக்செல் தெரிய வேண்டுமாம். எக்ஸ்போர்ட் டாகுமெண்ட்ஸ் தெரிந்தால் முன்னுரிமை. நான் ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடமாக இருக்கிறேன். கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. பெரும்பாலும் சென்னிமலை பெட்ஷீட் பார்ட்டிகளின் கணக்குதான். அதில் ஒருவர் கரூர் எக்ஸ்போர்ட்டருக்கு சப்ளை செய்கிறார். கவர் லெட்டரில் எதை எழுதுவது?

பதில்:

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். ஆள் எடுக்கும்போது வரும் கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். பத்துக் கைமாறி வந்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்பட்டிருக்கும். மேலே போவது தேதி, கீழே போவது பெரும்பாலும் "சப்ஜெக்டில் இப்படி எழுதவும்", "எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடவும்" போன்ற வரி. படத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து நீங்களே டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியில் சின்ன எல் எழுத்தும் 1 என்ற எண்ணும் மங்கலான படத்தில் ஒரே மாதிரி தெரியும், அங்கே கவனம் வேண்டும். போன் நம்பர் இருந்தால் ஒரு முறை கூப்பிட்டு, "எனக்கு வந்த படத்தில் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது, இடம் இன்னும் காலியாக இருக்கிறதா?" என்று கேட்டுவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முகவரி ஜிமெயிலில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இங்கே நல்ல கம்பெனிகளே பல ஜிமெயிலில்தான் ஓடுகின்றன. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று பணம் கேட்டால் மட்டும் அத்தோடு விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பட்டியல். அதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. டேலியும் எக்செலும் எந்தக் கணக்கு வேலை விளம்பரத்திலும் இருக்கும், அவற்றை வைத்து நாங்கள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஜிஎஸ்டி, டிடிஎஸ்ஸும் அப்படித்தான். இந்த விளம்பரத்தை வேறு கம்பெனி விளம்பரத்திலிருந்து பிரித்துக் காட்டுவது "ஜாப் ஒர்க் பில் செக்கிங்" என்ற ஒரே வரி. தலைவலி எங்கே இருக்கிறதோ அதைத்தான் விளம்பரம் கொடுக்கிறவர் தனியாகக் குறிப்பிடுவார்.

அந்த வேலை என்ன என்று தெரிந்தால் உங்கள் கடிதம் பாதி முடிந்தமாதிரி. எங்களிடம் நூல் வாங்கினால் அது நேராகத் துணியாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம். ஒவ்வொருவரும் கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று பில் போடுவார்கள். சாயப்பட்டறைக்குப் போன எடையும் திரும்பி வந்த எடையும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு குறைந்தால் சரி என்று முன்பே பேசியிருப்போம், அதற்கு மேல் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டும். பில்லை பாஸ் செய்வதற்கு முன் டெலிவரி சலானில் உள்ள எடை, பேசிய ரேட், வரி, பிடிக்க வேண்டிய டிடிஎஸ் நான்கையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் தேடுகிறார்கள்.

சென்னிமலையில் நடப்பதும் இதேதான். நூலைச் சாயத்துக்கு அனுப்புகிறார்கள், அப்புறம் பாவு ஓட்டி, தறிக்காரரிடம் கூலிக்கு நெய்து வாங்குகிறார்கள். துணியும் எந்திரமும் வேறு, கணக்கு ஒன்றுதான். நீங்கள் "கம்பெனியில் வேலை பார்த்ததில்லை" என்று தயங்குகிறீர்கள். நான் அந்தக் கடிதத்தைப் படித்தால் "ஜாப் ஒர்க் பார்ட்டி கணக்கு பார்த்த ஆள்" என்றுதான் படிப்பேன், நீங்கள் அதை எழுதியிருந்தால். "பல்வேறு வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கையாண்டுள்ளேன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றுமே தெரியாது. அரிசி மண்டியா, மருந்துக் கடையா, தறியா? எனவே மூன்று வருட வேலையைப் பார்ட்டி வாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். அதிலிருந்து இந்த விளம்பரத்துக்கு மிக நெருங்கிய ஒரு பார்ட்டியை எடுத்து, அந்தக் கணக்கில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பார்ட்டியின் பெயரையும் டர்ன்ஓவரையும் எழுதக் கூடாது. ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருபவர் முந்தைய கிளையண்டின் விவரத்தைக் கடிதத்திலேயே கொட்டினால், நாளைக்கு எங்கள் விவரத்தையும் கொட்டுவார் என்றுதான் தோன்றும். "சென்னிமலைப் பகுதி பெட்ஷீட் உற்பத்தியாளர் ஒருவர்" என்றால் போதும்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. ஆடிட்டர் ஆபீசில் ரிட்டர்னைத் தயாரிப்பது ஒருவர், சரிபார்ப்பது ஆடிட்டர், ஓடிபி போவது பார்ட்டிக்கு. நீங்கள் தயாரித்தீர்கள் என்றால் "தயாரித்தேன்" என்றே எழுதுங்கள். "ஜிஎஸ்டி முழுவதையும் கையாண்டேன்" என்று எழுதியவரிடம் நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி இது: "சாயப்பட்டறை பில் கையில் இருக்கிறது, 2பி-யில் வரவில்லை. என்ன செய்வீர்கள்?" வேலை செய்தவர் உடனே சொல்லிவிடுவார்: அவர் காலாண்டு ரிட்டர்ன் போடுபவரா என்று பார்ப்பேன், அப்படியானால் இடையில் 13-ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப்-பில் பில்லை ஏற்றாவிட்டால் காலாண்டு முடிவில்தான் வரும், மாத ரிட்டர்ன் போடுபவர் என்றால் 11-ஆம் தேதிக்குள் போட்டாரா, நம் ஜிஎஸ்டி எண்ணைச் சரியாக அடித்தாரா என்று கேட்பேன், வரும்வரை அந்தக் கிரெடிட்டை எடுக்க மாட்டேன். இந்தப் பதிலில் ஒரு வரியைக் கடிதத்திலேயே வைத்துவிட்டால், படிப்பவருக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படாது.

அடுத்து ஏற்றுமதி ஆவணங்கள். அது முன்னுரிமைதான், கட்டாயம் இல்லை. இல்லாததை இருப்பதாக எழுத வேண்டாம், அதைப் பற்றி வாயே திறக்காமலும் இருக்க வேண்டாம். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, கரூர் எக்ஸ்போர்ட்டருக்கு சப்ளை, அது இங்கே கை கொடுக்கும். அவர் வாங்கி அப்படியே ஏற்றுமதி செய்பவராக இருந்து, உங்கள் பார்ட்டி 0.1 சதவீத ஜிஎஸ்டியில் பில் போட்டிருந்தால், சரக்கு பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் ஏற்றுமதியாக வேண்டும். ஷிப்பிங் பில்லில் உங்கள் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த ஷிப்பிங் பில் நகலைக் கேட்டு வாங்கி, எண்களைச் சரிபார்த்து ஃபைலில் வைத்தது நீங்கள் என்றால், ஷிப்பிங் பில்லைப் படிக்கத் தெரிந்த ஆள் நீங்கள். ஷிப்பிங் பில் தயாரித்ததில்லை, படித்திருக்கிறேன் என்று சொல்வது கௌரவமான பதில். சாதாரண வரியில் பில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், "நேரடி அனுபவம் இல்லை" என்ற அரை வரி போதும்.

இதையெல்லாம் சேர்த்தால் கடிதம் கிட்டத்தட்ட இப்படி வரும். அனுப்பும்போது ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள், பொருளுக்காகத் தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கான தங்கள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன்.

சென்னிமலைப் பகுதி பெட்ஷீட் உற்பத்தியாளர் ஒருவரின் கணக்கை மாதந்தோறும் கவனிக்கிறேன். அவர் நூலைச் சாயத்துக்கும் தறிக்கும் கூலிக்கு அனுப்புபவர். கூலி பில்களை டெலிவரி சலான் எடையோடும் பேசிய ரேட்டோடும் ஒப்பிட்டு டேலி பிரைமில் பதிகிறேன், டிடிஎஸ் கணக்கிடுகிறேன். 2பி வந்ததும் எக்செலில் கொள்முதல் பதிவோடு பொருத்தி, வராத பில்களைப் பட்டியலிட்டு, சப்ளையர் காலாண்டு ரிட்டர்ன் போடுபவரா என்று பார்த்துத் தகவல் கேட்கிறேன். ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் ஆடிட்டரின் பார்வைக்குத் தயாரித்துத் தருகிறேன்.

ஏற்றுமதி ஆவணங்களை நேரடியாகத் தயாரித்த அனுபவம் இல்லை. இதே வாடிக்கையாளர் 0.1 சதவீத வரியில் ஓர் ஏற்றுமதியாளருக்கு அனுப்பிய சரக்குக்கு, ஷிப்பிங் பில் நகல்களைப் பெற்று இன்வாய்ஸ் எண்களோடு சரிபார்த்திருக்கிறேன்.

தற்போதைய பணியிலிருந்து விடுபட 30 நாள் தேவை. சுயவிவரம் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். இதில் நீங்கள் செய்யாத வேலை எதுவும் இருந்தால் அந்த வரியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு, சலான் எடையைப் பார்த்தது பார்ட்டியின் கணக்குப்பிள்ளை, உங்களிடம் பில் மட்டும்தான் வந்தது என்றால், "சலான் எடையோடு" என்பதை நீக்கிவிட்டு "ரேட்டோடு" என்பதை மட்டும் வையுங்கள். எடை பற்றி நேர்காணலில் கண்டிப்பாகக் கேட்பார்கள். நிட்டிங் முதல் காம்பாக்டிங் வரை எந்தக் கட்டத்தில் எடை குறையும் என்று திருப்பூரில் தெரிந்தவர் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டேலியும் எக்செலும் கடிதத்தில் வேலையின் நடுவிலேயே வந்துவிட்டன, கவனித்தீர்களா? "எம்எஸ் ஆபீஸில் புலமை" என்று தனி வரி தேவையில்லை. "கடின உழைப்பாளி", "குழுவாக இயங்குபவன்" இவற்றையும் சேர்க்காதீர்கள். எல்லாக் கடிதத்திலும் இருப்பதால் எங்கள் கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

கடிதத்தைத் தனி ஃபைலாக இணைக்காமல் மெயிலின் உடலிலேயே ஒட்டுங்கள், சுயவிவரத்தை மட்டும் பிடிஎஃப்-ஆக இணையுங்கள். முக்கால்வாசிப் பேர் போனில்தான் திறப்போம். சப்ஜெக்டில் பணியின் பெயரும் "ஜாப் ஒர்க் கணக்கில் 3 ஆண்டு" என்பதும் இருக்கட்டும்.

பதில் வரவில்லையென்றால் ஒரு முறை போன் செய்து கேட்கலாம். ஆனால் மாதத்தின் 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 மூன்று-பி என்று நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம். 21-ஆம் தேதிக்கு மேல், மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு கூப்பிடுங்கள்.