ஒரு வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள்: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய அம்மா,

இங்கிலாந்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்பை இன்னொரு ஆசிரியருடன் பாதிப் பாதியாகப் பகிர்ந்து நடத்தும் பணி உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பதாகவும், அது அரைகுறை வேலையாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இத்தகைய பணிப்பகிர்வு அங்கு வழக்கத்தில் உள்ளதுதான்; பகுதிநேரம் என்பதற்காக ஒருவரைக் குறைவாக நடத்துவதை 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள் தடுக்கின்றன. எனக்குக் கவலை தருவது வேறொன்று.

திங்கள், செவ்வாய், புதன் முற்பகல் உங்கள் மகளுக்கு; புதன் பிற்பகல், வியாழன், வெள்ளி மற்றவருக்கு. இந்த ஏற்பாட்டில் இருவரும் சந்திப்பது புதன் மதிய உணவு வேளையில் மட்டுமே. செவ்வாயன்று பின்னம் கற்பித்தவர் "பின்னம் முடிந்தது" என்று மட்டும் குறிப்பெழுதிச் சென்றால், மற்றவர் வியாழனன்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஆறு பிள்ளைகள் பகுதி எண்களையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள் என்பது பருவத் தேர்வில்தான் தெரியவரும், அப்போது யார் பொறுப்பு என்பதற்கு விடை இருக்காது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் தவறினார், எவருடைய நோட்டு இன்னும் திருத்தப்படவில்லை, எந்தப் பெற்றோருக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்ற மூன்றும் குறிப்பில் இருந்தால் போதும்.

இதற்கு நேரம் வேண்டும். உங்கள் மகள் புதன்கிழமை முழுவதும் வேலை செய்தால், பிற்பகலில் இருவரும் ஒன்றாக இருப்பார்கள். ஆனால் முழுநேரப் பணியை 1 எனக் கொண்டால், பள்ளி உங்கள் மகளுக்கு 0.6, மற்றவருக்கு 0.5 என்று 1.1 ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும், நிதி நெருக்கடியில் பல பள்ளிகள் அதற்கு இணங்குவதில்லை. அப்படியானால், இருவரும் பேசிக்கொள்ளும் வாரம் அரைமணி நேரத்தைப் பணிநேரக் கணக்கிலேயே சேர்க்கக் கேட்கலாம். முழுநேர ஆசிரியர் தலைமையாசிரியரின் உத்தரவுப்படி வேலை செய்ய வேண்டிய நேரம் பொதுவாக ஆண்டுக்கு அதிகபட்சம் 1,265 மணி, பாதிக்கு 632.5 மணி. 39 வாரங்களுக்கு இந்த அரைமணி ஏறக்குறைய 20 மணிதான். எழுத்தில் இல்லாவிட்டால் அது உங்கள் மகளுடைய ஓய்வுநாளின் தொலைபேசி அழைப்பாக மாறிவிடும். வேலையில்லாத நாளில் அவரைப் பணிக்கு அழைக்கப் பள்ளிக்கு உரிமையில்லை.

பணி மதிப்பீட்டில், "வகுப்பின் கணித மதிப்பெண் உயர வேண்டும்" என்ற ஒரே இலக்கை இருவருக்கும் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் ஒருவரின் உழைப்பு மற்றவரின் கணக்கில் மறைந்துவிடும். எண்களும் பின்னமும் ஒருவருக்கு, அளவைகளும் வடிவியலும் மற்றவருக்கு என்று பிரித்துக்கொண்டால், அவரவர் நாளில் நடக்கும் வகுப்பையும் அவரவர் திருத்திய நோட்டுகளையும் பார்த்துத் தனித்தனியே மதிப்பிட முடியும். பிள்ளைகளின் ஒழுங்கு, ஆண்டறிக்கை போன்றவற்றில் மட்டும் இருவரும் கூட்டாகப் பதில் சொல்லட்டும்.

கூட்டாளி இடையில் விலகினால் என்னவாகும் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மீதிப் பாதியை முதலில் உங்கள் மகளுக்குத் தர முன்வந்து, அவர் மறுத்தால் புதியவரைத் தேடுவதாகப் பள்ளி எழுதித் தர வேண்டும். அதற்கு எத்தனை வாரம் காத்திருப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.