மாதாந்திர எம்.ஆர்.எம். மினிட்ஸ்: ஆடிட்டர் எதைத் தேடுகிறார்?

கேள்வி: கோவையில் பம்ப் ஷாஃப்ட், ஸ்லீவ் செய்து கொடுக்கும் சிறிய தொழிற்சாலையில் குவாலிட்டி என் பொறுப்பு. மாதா மாதம் எம்.ஆர்.எம்., அதாவது நிர்வாக ஆய்வுக் கூட்டம், நடத்தி மினிட்ஸ் போட்டு ஃபைல் செய்கிறோம். ஆனாலும் ஐஎஸ்ஓ சர்வைலன்ஸ் ஆடிட்டில் “மினிட்ஸில் முடிவுகள் இல்லை” என்று மைனர் என்.சி., அதாவது விதிக்குப் பொருந்தாத சிறு குறை என்று, கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் எல்லாத் தலைப்பையும் எழுத வேண்டுமா? ஆடிட், புகார், நடவடிக்கை இவற்றை எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்: முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐஎஸ்ஓ 9001:2015, பிரிவு 9.3 “திட்டமிட்ட இடைவெளியில்” ஆய்வு நடக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. மாதம் ஒரு முறை என்பது உங்கள் நடைமுறையில் நீங்களே எழுதிக்கொண்டது. எழுதிவிட்டதால் ஒரு மாதம் தவறினாலும் அது என்.சி.தான். ஆனால் 9.3.2 கேட்கும் எல்லா விவரமும் ஒரே கூட்டத்தில் வந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. முந்தைய நடவடிக்கைகளின் நிலை, புகார்கள், ஆடிட் என்.சி.கள், தர இலக்குகள் ஆகியவற்றை மாதம்தோறும் எடுங்கள். சப்ளையர் செயல்பாடும் ஆள், இயந்திரத் தேவைகளும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வெளிச்சூழல் மாற்றங்களையும், ரிஸ்க்குக்கு எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்பதையும் ஆண்டுக்கு ஒரு முறை விரிவாகப் பாருங்கள். 2024 திருத்தத்தில் சேர்ந்த காலநிலை மாற்றமும் வெளிச்சூழலோடு வந்துவிடும். எந்த மாதம் எது என்று ஒரு பக்க அட்டவணை போட்டு வைத்தால் ஆடிட்டர் அதையே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

சரி, உங்களுக்கு வந்த என்.சி.க்கு வருவோம். “வாடிக்கையாளர் புகார்கள் விவாதிக்கப்பட்டன. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.” பெரும்பாலான மினிட்ஸில் நான் பார்க்கும் வரி இதுதான். 9.3.3 கேட்பது வேறு: எதை மேம்படுத்தப் போகிறீர்கள், அமைப்பில் எதை மாற்றப் போகிறீர்கள், அதற்கு என்ன வளம் ஒதுக்குகிறீர்கள். இதெல்லாம் நிர்வாகம் எடுக்கும் முடிவு. புகாரையும் ஆடிட்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்தால் அந்த முடிவு பெரும்பாலும் கண்ணில் படவே படாது.

ஒரு மாதிரி மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் 12 ஷாஃப்டுகளைத் திருப்பி அனுப்புகிறார், பேரிங் லூஸாக உட்காருகிறது என்று. டிராயிங்கில் பேரிங் இடம் 25 k6, அதாவது 25.002 முதல் 25.015 மிமீ வரை இருக்கலாம். திரும்பி வந்தவற்றை அளந்தால் 24.996. ஆனால் உங்கள் ஆய்வு அறிக்கையில் அதே லாட் 25.004 என்று பதிவாகியிருக்கிறது. கிரைண்டிங்கில் பயன்படுத்திய மைக்ரோமீட்டர் 0.008 மிமீ கூடுதலாகக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு முந்தைய மாத உள் ஆடிட்டில், கிரைண்டிங் பிரிவில் இரண்டு அளவுகருவிகள் கேலிப்ரேஷன் தேதி தாண்டியவை என்று ஒரு என்.சி. இருந்தது. அந்த இரண்டையும் லேபுக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கி, ‘குளோஸ்டு’ என்று போட்டாயிற்று. புகாருக்குக் காரணமான மைக்ரோமீட்டர் அந்த இரண்டில் ஒன்றல்ல. அவசரத்துக்கு ஸ்டோர் நேரடியாக வாங்கி ஷாப்புக்குக் கொடுத்தது, கேலிப்ரேஷன் பட்டியலிலேயே ஏறவில்லை. இன்னொன்றும் உண்டு. 0–25 மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தாலே ஜீரோ தெரியும். 25–50 மைக்ரோமீட்டரை 25 மிமீ செட்டிங் ராட் வைத்துத்தான் சரிபார்க்க முடியும். அந்த ராட் பெட்டியோடு ஸ்டோரிலேயே தங்கிவிட்டது.

ஆக, ஆடிட் என்.சி.யில் நீங்கள் செய்தது திருத்தம் மட்டும். ஷாப்பில் உள்ள கருவிகள் எப்படிக் கட்டுப்பாட்டை விட்டு நழுவுகின்றன, பட்டியலுக்கு வெளியே வேறு கருவி இருக்கிறதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆடிட்டும் புகாரும் சேரும் இந்த இடத்தை மினிட்ஸ் எழுத்தில் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

“புகாருக்கும் சென்ற மாத உள் ஆடிட் என்.சி.க்கும் வேர் ஒன்றே: ஷாப்பில் உள்ள அளவுகருவிகளின் கேலிப்ரேஷன் கட்டுப்பாட்டில் இல்லை. புதிய கருவி பட்டியலில் சேராமலே ஷாப்புக்குப் போகவும் வழி இருக்கிறது. ஆடிட் என்.சி. மறுபடி திறக்கப்படுகிறது. முடிவு 1: அடையாள எண்ணும் சான்றிதழும் இல்லாத கருவியை ஸ்டோர் வழங்கக் கூடாது, ஸ்டோர் வழங்கும் படிவம் மாற்றப்படும். பொறுப்பு: ஸ்டோர் இன்சார்ஜ், இம்மாதம் 20. முடிவு 2: ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் செட்டிங் ராட் வைத்து ஜீரோ பார்த்துப் பதிவு. பொறுப்பு: கிரைண்டிங் சூப்பர்வைசர், நாளை முதல். முடிவு 3: இந்த அளவுக்கு ஸ்னாப் கேஜ் வாங்க எம்.டி. ஒப்புதல் அளித்தார்.”

இதோடு முடித்தால் கனமான கேள்வி ஒன்று விட்டுப்போகும். அந்த மைக்ரோமீட்டரால் வேறு எந்த லாட்களை அளந்தீர்கள்? தவறாகக் காட்டும் கருவி கிடைத்தால், அதனால் முன்பு எடுத்த அளவுகள் செல்லுமா என்று பார்க்க வேண்டும் என்பது 7.1.5.2. கையிருப்பை நீங்களே மறுபடி அளந்துவிடலாம். ஆனால் அதே மாதம் இன்னொரு வாடிக்கையாளருக்குப் போன லாட்? புகார் வராத அவரிடம் நாமாகப் போய்ச் சொல்வதா, வேண்டாமா என்பதைக் குவாலிட்டி இன்சார்ஜ் தனியாக முடிவு செய்ய முடியாது. எம்.ஆர்.எம்.மில் எம்.டி. உட்கார வேண்டியதே இதற்குத்தான். சொல்வது என்று முடிவானால் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். சொல்லத் தேவையில்லை என்றால், எந்த ஆதாரத்தை வைத்து (உதாரணமாக, வைத்திருந்த மாதிரிகளை மறுபடி அளந்ததில் எல்லாம் வரம்புக்குள் இருந்தன) என்று எழுதுங்கள். உங்கள் மினிட்ஸில் இப்படி ஒரு பத்தி இருந்தால் அந்த ஆடிட்டர் நிச்சயம் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அப்புறம், நடவடிக்கையை எப்போது மூடுவது? “ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, குளோஸ்டு” என்பது எனக்கு அறவே பிடிக்காத வரி. மூடுவதற்கான அளவுகோலைக் கூட்டத்திலேயே நிர்ணயித்துவிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில்: அடுத்த மூன்று மாதம், முன்னறிவிப்பு இல்லாமல் மாதம் ஒரு நாள் ஷாப்பில் உள்ள எல்லாக் கருவிகளையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், பட்டியலில் இல்லாதது ஒன்றுகூட அகப்படக் கூடாது. அதுவரை நிலை ‘நடவடிக்கை முடிந்தது, பலன் பார்க்கப்படுகிறது’ என்றே இருக்கட்டும். தேதி தள்ளிப்போனால் பழைய தேதியை அழிக்காமல் பக்கத்தில் புதிய தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். மூன்றாவது முறை தள்ளினால், அது ஆள் பற்றாக்குறையா பணப் பிரச்சினையா என்று எம்.டி. கேட்கட்டும்.

என்.சி.க்குப் பதில் அனுப்பும்போது பழைய மினிட்ஸை எடுத்துத் திருத்தி எழுதும் ஆசை வரும். வேண்டாம். கூட்டம் 5ஆம் தேதி என்று போட்டிருக்கும், ஆனால் அதில் பேசிய புகார் ரிஜிஸ்டரில் 9ஆம் தேதிதான் பதிவாகியிருக்கும். ஆடிட்டர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள். அது வெளிப்பட்டால் மைனர் மேஜராகும். பழையவை அப்படியே இருக்கட்டும். மாற்றிய மினிட்ஸ் படிவத்தையும், அதில் நடந்த அடுத்த கூட்டத்தின் மினிட்ஸையும் ஆதாரமாக அனுப்புங்கள். படிவத்தின் முதல் பகுதி போன மாத முடிவுகளின் நிலையாக இருக்க வேண்டும். 9.3.2 பட்டியலிலும் அதுதான் முதலில் வருகிறது.