ரேப்பிட் செஸ்ஸில் கடிகாரம்: வாசகர் கேள்விகள்

15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

ஆட்டம் 60 நகர்த்தல் போனால் உங்கள் கையில் மொத்தம் 25 நிமிடம். சராசரி 25 விநாடி. ஆனால் சமமாகப் பங்கு போடாதீர்கள். வேறு வழியில்லாத பதில் வெட்டுக்கு 5 விநாடி போதும். அதில் மிச்சமாவதை, திரும்பப் பெற முடியாத இடங்களுக்கு வைத்திருங்கள்: காய் மாற்றம், சிப்பாய் நகர்வு.

ஆறாவது நகர்த்தலிலேயே 5 நிமிடம் போய்விடுகிறது. என்ன செய்வது?

எந்தத் தொடக்கம், எவ்வளவு நேர ஆட்டம், இரண்டையும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? அடுத்த முறை ஆட்டத்தாளையும், நகர்த்தலுக்குப் பக்கத்தில் மீதி நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

யானை முடிவாட்டம், கறுப்பு நான். 4 நிமிடம் மீதி இருந்தது. யானைகளை மாற்றினால் டிரா என்று உடனே வெட்டினேன், தோற்றேன். எங்கே தவறு?

“உடனே” என்ற சொல்லில்தான். இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கடைசிப் பெரிய காயை மாற்றுவதற்கு முன் கையை மேசைக்குக் கீழே வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய நிலை இது. வெள்ளை: ராஜா e4, யானை d4, சிப்பாய் e2. கறுப்பு: ராஜா e6, யானை d8. நீங்கள் d4-இல் வெட்ட, வெள்ளை ராஜா திருப்பி வெட்டுகிறது. நீங்கள் d6-க்குப் போய் ஆப்போசிஷன் பிடித்தீர்கள். சரிதான், ஆனால் வெள்ளை சிப்பாயை e3-க்குத் தள்ளியதும் நகர வேண்டியது நீங்கள். c6-க்குப் போனால் வெள்ளை ராஜா e5-க்கு வரும். e6-க்குப் போனால் e4-க்கு வந்து மீண்டும் ஆப்போசிஷன். இரண்டிலும் தோல்விதான்.

அதே சிப்பாய் முதலிலேயே e3-இல் இருந்திருந்தால் வெள்ளைக்கு அந்த உபரி நகர்வு கிடையாது. உங்கள் கணக்குப்படியே டிரா. ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். அதைப் பார்க்க ஒரு நிமிடம், தடுமாறினால் இரண்டு நிமிடம் ஆகும். உங்களிடம் நான்கு இருந்தது! வெட்டாமல் யானையை a8-க்கு நகர்த்தியிருக்கலாம். உங்கள் ராஜா சிப்பாயின் பாதையிலேயே நிற்கிறது, டிரா பிடிப்பது சிரமமில்லை.

சிப்பாய் முடிவாட்டத்தில் நுழைந்தபின் கடிகாரத்தில் மிஞ்சும் நேரம் எதற்கும் உதவாது. நுழையும் முன்பே செலவழியுங்கள்.

இரண்டு நகர்த்தலும் நன்றாகத் தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டிலும் ஆபத்து இல்லையென்று பார்த்துவிட்டால் ஏதாவது ஒன்றை ஆடுங்கள். ஒன்று காய் மாற்றமாக இருந்தால் மட்டும், மேலே சொன்னபடி நிறுத்துங்கள்.

20 விநாடிதான் மீதி, 10 விநாடி கூடுதல் உண்டு. பதற்றமாகிறது.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 6, 7 விநாடி எடுங்கள். பத்து நகர்த்தலில் அரை நிமிடம் சேர்ந்துவிடும். அப்புறம், காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்துங்கள்; அவசரத்தில் பலர் மறு கையை நீட்டுகிறார்கள், அது விதிமீறல்.