யேட்ஸ் மகளுக்கு எழுதிய கவிதையில் காற்று

கேள்வி: ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் பச்சிளம் மகளுக்கு எழுதிய கவிதையில் நம்பிக்கையும் பயமும் எப்படிக் கலந்து வருகின்றன?

காற்றைப் பின்தொடருங்கள். 1919-இல் பிறந்த மகள் ஆன் தொட்டிலில் தூங்குகிறாள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயலுக்குக் குறுக்கே ஒரு காடும் ஒரு மொட்டைக் குன்றும்தான் நிற்கின்றன.

பிறகு, அவள் மறைவாகத் தழைக்கும் மரமாகட்டும், எண்ணங்கள் லின்னெட் பறவைகளாகட்டும் என்கிறார். மனதில் வெறுப்பில்லையென்றால் எந்தக் காற்றும் அந்தப் பறவையை இலையிலிருந்து பிய்த்தெறிய முடியாதாம். கவனித்தீர்களா? காற்று ஓயவே இல்லை, நம்பிக்கைக்குள்ளேயே வீசுகிறது. பறவை பற்றியிருப்பதோ காற்று முதலில் பறிக்கும் இலையை!

புயல் என்றால் பயம், மரம் என்றால் நம்பிக்கை என்று பிரித்து வாசித்தால் இது பிடிபடாது. 'மறைவாக' என்ற சொல்லிலேயே தகப்பனின் பயம் இருக்கிறது. வேர் காக்கும்தான், ஆனால் நகரவிடாது. பெண்ணியத் திறனாய்வு இந்தக் கவிதையைக் கேள்வி கேட்பதும் இங்கேதான்.