துன்னெலிகளின் ராணியும் காற்றில்லாத 18 நிமிடங்களும்: கேள்வி பதில்

செல்வி: உரோமமற்ற துன்னெலிக் கூட்டத்தில் ராணி மட்டும்தான் குட்டி போடுமாம், மற்ற பெண் எலிகள் தேனீக்களைப் போல மலடு. சரிதானே?

முதல் பாதி சரி. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா மண்ணுக்கடியில் எழுபது எண்பது எலிகள் ஒன்றாக வாழ்கின்றன. ஈனுவது ஒரே ராணி. அதனுடன் இணைவது ஓரிரு ஆண்கள். 1981-இல் விலங்கியலாளர் ஜெனிஃபர் ஜார்விஸ் இதை எழுதியபோது பாலூட்டிகளில் இப்படி ஒரு வாழ்க்கையா என்று வியந்தார்கள். ஆனால் மற்ற பெண்கள் மலடல்ல. அவற்றின் சினைப்பை வளராமல் அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஒன்றைப் பிரித்துத் தனியாக ஓர் ஆணோடு விட்டால் அதுவே ஈனத் தொடங்கிவிடும். ராணி இறந்தால் பெண்களுக்குள் சண்டை மூண்டு சில செத்தும் போகும். வென்றதன் முதுகெலும்புகள் கருவுறும்போது நீண்டு உடலே நீளமாகிறது. ராணி மற்றவற்றை எப்படி அடக்கி வைக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுரங்கத்தில் எதிர்ப்படுபவற்றை அது முட்டித் தள்ளுவதுதான் காரணம் என்றார்கள் சிலர். அது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முருகேசன்: ஆக்சிஜனே இல்லாமல் எப்படி உயிர் தாங்குகிறது? மூச்சை அடக்கிக்கொள்கிறதா?

இல்லை, உடலின் ஆற்றல் செலவைக் குறைக்கிறது. 2017-இல் வெளியான ஆய்வில் ஆக்சிஜன் துளியும் இல்லாத காற்றில் 18 நிமிடம் வைத்தார்கள். எலி மயங்கியது, நிமிடத்துக்குச் சுமார் 200 முறை துடித்த இதயம் 50-க்கு இறங்கியது. நல்ல காற்று வந்ததும் எழுந்து நடந்தது. சுண்டெலி இதில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

ஆக்சிஜன் இல்லாதபோது செல்கள் குளுக்கோஸை அரைகுறையாக உடைத்துத்தான் பிழைக்க வேண்டும். அந்த வழியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. அமிலம் சேர்ந்ததும் அது வாயிலை அடைத்துவிடும். எரிபொருள் இருந்தும் மூளை பட்டினி கிடக்கும். துன்னெலியோ அப்போது ரத்தத்தில் ஃபிரக்டோஸை விடுகிறது. ஃபிரக்டோஸ் அந்தக் காவலைத் தாண்டிய இடத்தில் வழிக்குள் நுழைவதால் ஆற்றல் சொட்டுச் சொட்டாகவேனும் கிடைக்கிறது.

ரஹீம்: ஃபிரக்டோஸ் என்றால் பழச்சர்க்கரைதானே? பக்கவாதம் வந்த என் தந்தைக்குப் பழச்சாறு நிறையக் கொடுக்கலாமா?

வேண்டாம், அதனால் மூளைக்குப் பயன் இல்லை. ஃபிரக்டோஸை உள்ளிழுக்கும் புரதமும் அதை உடைக்கும் நொதியும் துன்னெலியின் மூளையிலும் இதயத்திலும் தாராளமாக இருக்கின்றன. நம் உடலில் அந்த வேலை பெரும்பாலும் குடல், கல்லீரல், சிறுநீரகத்தோடு நின்றுவிடுகிறது. உணவு பற்றி அவருடைய மருத்துவரையே கேளுங்கள்.

கண்ணன்: காட்டுச் சுரங்கத்தில் அளந்தபோது ஆக்சிஜன் அவ்வளவு குறைவாக இல்லையாமே. பிறகு இந்தத் திறன் எதற்கு?

நியாயமான சந்தேகம். நடைபாதைச் சுரங்கங்களில் காற்று ஏறக்குறைய வெளிக்காற்றைப் போலவே இருந்தது உண்மைதான். ஆனால் கூட்டம் முழுவதும் ஓர் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கும். அடியில் கிடக்கும் எலி மூச்சுவிடும் காற்று எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அந்தக் குவியலுக்குள்தான் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏறுகிறது என்பது என் கருத்து. சுரங்கத்தில் அளந்த எண்ணை வைத்து அதை மறுக்க முடியாது, நிரூபிக்கவும் முடியாது.